வரைபடத்தில் ⌀, R, SR, S⌀, □, ↧: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேத், மில்லிங், டிரில்லிங் வேலைகளுக்குப் புதிதாக வருபவர்களும் ஆய்வு மேசையில் அளவு பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இவை. எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில் உள்ளன. முடிந்த இடங்களில் ஒரே உதிரிபாகத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். அது ⌀30 உருளைத் தண்டு. அதன் இடது முனை SR 40 குவிமுனை, வலது முனை □20 சதுரம், சதுரத்தின் முகத்தில் M8 மரை போட்ட துளை.

"⌀ என்றால் டயா, R என்றால் ரேடியஸ். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது?"

குறியீடுகளின் பொருள் தெரியாமல் இந்தத் தவறு நேர்வது அரிது. எண் முதலில் கண்ணில் பட்டு, குறியீடு பிறகு பார்க்கப்படுவதால்தான் பெரும்பாலும் நேர்கிறது. எண்ணுக்கு முன்னால் உள்ள குறியீடு இரண்டு செய்திகளைச் சொல்கிறது: அளக்கப்படும் வடிவம் எது, அளவு எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் என்பது. ⌀30 என்றால் ஓர் ஓரத்திலிருந்து மையத்தைக் கடந்து எதிர் ஓரம் வரை 30. R 30 என்றால் மையத்திலிருந்து வளைவு வரை 30. எண் ஒன்றேயானாலும், இரண்டாவது வளைவு முதலாவதைப் போல இரண்டு மடங்கு பெரியது.

ஆகவே வரைபடத்தைப் படிக்கும்போது வாய்விட்டோ மனதுக்குள்ளோ "விட்டம் முப்பது", "ஆரம் முப்பது" என்று குறியீட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். "முப்பது" என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு இயந்திரத்துக்குப் போகிறவர், அங்கே போய்ச் சேர்வதற்குள் அது எதன் அளவு என்பதை நினைவிலிருந்து எடுக்க வேண்டியவராகிறார்.

"முழு வட்டம் வரைந்திருக்கிறது, எண்ணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எப்படி எடுத்துக்கொள்வது?"

முழு வட்டத்துக்கு விட்டமும், வட்டத்தின் ஒரு பகுதியாக மட்டும் தெரியும் வளைவுக்கு ஆரமும் கொடுப்பதே வழக்கம். வெர்னியரோ மைக்ரோமீட்டரோ முழு வட்டத்தில் நேரடியாக அளப்பது விட்டத்தைத்தான் என்பதும் இந்த வழக்கத்துக்கு ஒரு காரணம். அளவுக் கோட்டின் இரு முனைகளிலும் அம்புக்குறி இருந்து, கோடு வட்டத்தின் ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சென்றால், அது விட்டமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆனால் இது ஊகம்தான். பழைய கையால் வரைந்த தாள்களில், வட்டம் தெரியும் தோற்றத்தில் ⌀ போடாமல் விடும் பழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட தாளில் வேறு ஓர் அளவைக் கொண்டு சரிபாருங்கள். மொத்த அகலம் 60 என்று கொடுத்திருக்கும் தகட்டில் எண் 40 உள்ள ஒரு துளை, ஆரமாக எடுத்தால் 80 விட்டமாகித் தகட்டையே மீறிவிடும். எனவே அது விட்டம். இப்படி முரண்பாடு எதுவும் கிடைக்காவிட்டால், வரைந்தவரிடம் கேட்காமல் உலோகத்தைத் தொடக் கூடாது. தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளந்து முடிவு செய்வதும் கூடாது; நகலெடுக்கும்போது தாள் சுருங்கியோ பெருத்தோ இருக்கலாம்.

"பாதி வெட்டுத் தோற்றத்தில் அளவுக் கோட்டுக்கு ஒரு பக்கம்தான் அம்பு இருக்கிறது, நடுக்கோட்டைத் தாண்டி நின்றுவிடுகிறது. அப்படியானால் அது ரேடியஸ்தானே?"

இல்லை. சமச்சீரான பாகத்தின் பாதியை மட்டும் வெட்டிக் காட்டும்போது, உட்துளையின் ஓர் ஓரம்தான் கண்ணுக்குத் தெரியும். மறு ஓரம் வெட்டாத பாதிக்குள் மறைந்திருக்கும். தெரியாத ஓரத்துக்கு அம்பு போட முடியாது என்பதால், அளவுக் கோட்டை நடுக்கோட்டுக்குச் சற்று அப்பால் கொண்டுபோய் வெறுமனே நிறுத்துவார்கள். அதன்மேல் ⌀24 என்று எழுதியிருந்தால் முழு விட்டம் 24.

பழகியவர்களையும் ஏமாற்றும் இடம் இது. ஆரத்துக்கும் ஒரே அம்புதான் என்று கற்றிருப்பதால், கண் அம்பை எண்ணிவிட்டுக் குறியீட்டை விட்டுவிடுகிறது. ஆரக் கோடு மையத்திலிருந்து புறப்பட்டு அல்லது மையத்தை நோக்கிச் சாய்ந்து வளைவைத் தொடும். அதன் எண்ணுக்கு முன் R இருக்கும். நடுக்கோட்டைச் செங்குத்தாகக் கடந்து சற்று நீண்டு நிற்கும் கோடு பாதி காட்டப்பட்ட விட்டம். ⌀24 துளையை ஆரம் 24 என்று படித்து 48-க்குக் குடைந்தால், நம் ⌀30 தண்டில் உலோகமே மிஞ்சாது. அந்த அளவுக்கு முரண்பட்டால் உடனே தெரிந்துவிடும். பெரிய வார்ப்பு உறைகளில்தான் அது தெரியாமலே வேலை முடிந்துவிடும் ஆபத்து உண்டு.

"⌀30 ±0.1 என்றால் ஒரு பக்கத்துக்கும் 0.1 தானே?"

ஒரு பக்கத்துக்கு 0.05. விலக்கம் எழுதப்பட்டிருப்பது விட்டத்துக்கு. ஆரம் அதில் பாதிதான் மாறலாம். சாதாரண லேத்தில் குறுக்குச் சறுக்கின் வட்டு விட்டத்தைக் காட்டுகிறதா, கருவி நகரும் தூரத்தைக் காட்டுகிறதா என்பதை முதல் வெட்டிலேயே அளந்து தெரிந்துகொள்ளுங்கள். கருவி நகரும் தூரத்தைக் காட்டும் வட்டில் 1 மி.மீ. உள்ளே கொடுத்தால் விட்டத்தில் 2 மி.மீ. குறையும்.

"R, SR இரண்டையும் லேத்தில் ஒரே மாதிரிதான் வளைத்து வெட்டுகிறோம். அந்த S இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?"

தாளின் தளத்தில் இரண்டும் ஒரே வளைவாகத் தெரிவது உண்மை. R சொல்வது அந்தத் தளத்தில் தெரியும் வளைவை மட்டும். SR சொல்வது, அந்தப் பரப்பு ஒரு கோளத்தின் பகுதி, எந்தத் திசையில் வெட்டிப் பார்த்தாலும் ஒரே ஆரம் என்பதை. சுழலும் தண்டின் முனையில் இது நடக்க வேண்டுமானால், வளைவின் மையம் சரியாகத் தண்டின் அச்சின் மேல் இருக்க வேண்டும். SR என்ற குறியீட்டுக்குள் இந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது.

தண்டின் விளிம்பை R 5-க்கு உருட்டினால், அந்த வளைவின் மையம் அச்சிலிருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கும். தண்டு ஒரு சுற்று சுற்றும்போது அந்த மையமும் வட்டமடிப்பதால் கிடைப்பது சைக்கிள் டியூபின் வெளிப்பரப்பு போன்ற வடிவம், கோளம் அல்ல. குவிமுனையில் மையம் அச்சைவிட்டு 1 மி.மீ. விலகினாலும் இதேதான் நடக்கும். நடுவில் ஒரு சிறு கூம்போ குழியோ நிற்கும். அந்த முனை ஒரு குழிக்கிண்ணத்தில் அமர்ந்து எல்லாப் பக்கமும் சாய வேண்டிய பாகமாக இருந்தால், ஒரு வளையத்தில் மட்டும் தொட்டு அங்கேயே தேயும்.

S⌀ என்பதும் கோளத்தையே குறிக்கிறது. எண் மட்டும் முழு விட்டம். பாதிக்கு மேல் தெரியும் பந்துமுனைகளுக்கு S⌀-உம், கோளத்தின் சிறு பகுதி மட்டும் உள்ள குவிமுனைகளுக்கு SR-உம் கொடுப்பது வழக்கம். பழைய தாள்களில் S என்ற எழுத்துக்குப் பதிலாகக் கோளம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே முழுதாக எழுதப்பட்டிருக்கும், பொருள் ஒன்றுதான்.

"தண்டே 30 தான். அதன் முனையில் SR 40 எப்படி வரும்? ஒருவேளை 40 டயாவைத்தான் சொல்கிறார்களோ?"

தண்டின் விட்டத்துக்கும் கோளத்தின் ஆரத்துக்கும் எந்தக் கட்டாயத் தொடர்பும் இல்லை. 40 ஆரமுள்ள பெரிய கோளத்தின் மேலிருந்து, 30 அகலமுள்ள ஒரு மூடியைச் சீவி எடுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். கோளத்தின் மையம் தண்டின் உள்ளே, முனையிலிருந்து 40 மி.மீ. தூரத்தில், அச்சின் மேல் இருக்கிறது. அந்த மூடியின் உயரத்தைக் கணக்கிட, கோள ஆரம் R, தண்டின் ஆரம் r, உயரம் h என்று கொண்டால்:

h = R − √(R² − r²)

R = 40, r = 15. 1600-இலிருந்து 225 போக 1375; அதன் வர்க்கமூலம் 37.081. ஆகவே h = 2.919. அதாவது முனையின் உச்சிக்கும் ⌀30 உருளை தொடங்கும் விளிம்புக்கும் இடையே மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதையே விட்டம் 40 என்று தவறாகப் படித்தால் R = 20 ஆகி, h = 20 − 13.229 = 6.771 வரும். முனை இரண்டு மடங்குக்கும் மேல் பிதுங்கும், ⌀30 உருளைப் பகுதியின் நீளம் கிட்டத்தட்ட 4 மி.மீ. குறையும்.

இந்த உயரத்தை வேலை தொடங்கும் முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வரைபடத்தில் குவிமுனை தட்டையாக, மெல்லிய மூடிபோல் காட்டப்பட்டிருக்க, உங்கள் கணக்கில் 6.8 வந்தால், குறியீட்டை எங்கோ மாற்றிப் படித்திருக்கிறீர்கள். தண்டின் ஆரமும் கோள ஆரமும் சமமாக, அதாவது SR 15 ஆக, இருந்தால் மட்டுமே முனை சரியான அரைக்கோளமாகும்.

"சி.என்.சி. லேத்தில் X எல்லாம் டயாவில்தான் கொடுக்கிறோம். அப்படியானால் R-ஐயும் இரட்டிப்பாக்க வேண்டாமா?"

வேண்டாம். விட்ட முறையில் அமைத்த லேத்தில் X மதிப்பு விட்டம். வளைவுக் கட்டளையில் R எப்போதும் உண்மையான ஆரம். வளைவின் மையத்தைக் குறிக்க I கொடுத்தால் அதுவும் ஆரக் கணக்கில்தான் வழக்கமாகக் கொடுக்கப்படும். ஒரே வரியில் விட்டமும் ஆரமும் அருகருகே நிற்பதால்தான் இந்தக் குழப்பம். மேலே கணக்கிட்ட முனைக்கு, கருவி பின்பக்கம் உள்ள லேத்தில், முகம் Z0-வுக்குச் சீவிய பிறகு முடிவு வெட்டு இப்படி அமையும்:

```
G01 X0 Z0 F0.15
G03 X30.0 Z-2.919 R40.0
```

கருவி நுனியின் ஆரத்துக்கான ஈடுசெய்தலை இங்கே காட்டவில்லை. அதைச் சேர்க்காமல் ஓட்டினால் வளைவு பிசகும்.

SR 40-ஐ விட்டம் என்று படித்த ஒருவர், X, Z மதிப்புகளை வேறு ஒருவரிடமிருந்து சரியாகப் பெற்று, R-இல் மட்டும் 20 என்று தட்டினால் என்ன ஆகும் என்பதைக் கவனியுங்கள். இயந்திரம் எச்சரிக்காது. தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் 20 ஆர வளைவால் இணைக்க முடியும் என்பதால், அது அமைதியாக இணைத்துவிடும். ஆனால் அந்த வளைவின் மையம் அச்சில் இருக்காது. கருவி முதலில் Z0-வுக்கு வெளியே ஏறி, காற்றில் ஓடி, பிறகே உலோகத்துக்குள் இறங்கும். விளைவாக முனையின் நடுவில் ஏறத்தாழ ⌀16 அளவுக்கு முகம் தட்டையாகவே நின்று, அதற்கு வெளியேதான் வளைவு தொடங்கும். குவிமுனையின் நடுவில் இப்படி ஒரு தட்டை வட்டம் தெரிந்தால், முதலில் R மதிப்பைப் பாருங்கள்.

"வெட்டியாகிவிட்டது. அது SR 40 தானா என்று எப்படிச் சரிபார்ப்பது? ரேடியஸ் கேஜ் வைத்தால் போதுமா?"

ரேடியஸ் கேஜ் ஒரு தளத்தில் மட்டும்தான் பார்க்கும். அது R-ஐச் சோதிக்கிறது, S-ஐச் சோதிப்பதில்லை. மேலும் 40 போன்ற பெரிய ஆரத்தில் இவ்வளவு சிறிய வளைவுத் துண்டை வைத்து, ஒளிக்கசிவைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்வது நம்பத்தக்கதல்ல.

உள்விட்டம் 20 உள்ள, விளிம்பு கூரான ஒரு வளையத்தைக் குவிமுனையின் மேல் கவிழ்த்து, வளையத்தின் நடுவே டயல் இண்டிகேட்டரின் முனை உச்சியைத் தொடுமாறு அமைத்தால் போதும். முதலில் சமதளக் கல்லின் மேல் வளையத்தை வைத்து இண்டிகேட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். குவிமுனையில் வைத்தால் அது காட்ட வேண்டிய உயரம் 40 − √(1600 − 100), அதாவது 1.270. ஆரம் 39 ஆக இருந்தால் 1.304 காட்டும். ஆரத்தில் ஒரு முழு மில்லிமீட்டர் வேறுபாடு இங்கே 0.034 ஆகத்தான் தெரிகிறது என்பதால், வெர்னியரின் ஆழக் கோலால் இதைப் பார்க்க முயல வேண்டாம், 0.01 காட்டும் இண்டிகேட்டராவது தேவை.

S-ஐச் சோதிக்க, அதே வளையத்தை உச்சியிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். உண்மையான கோளமானால் வளையம் எங்கே அமர்ந்தாலும் ஆடாமல் அமரும், எண்ணும் மாறாது. நகர்த்தும்போது வளையம் ஆடினாலோ எண் மாறினாலோ, வளைவின் மையம் அச்சில் இல்லை.

"□20 என்றால் மூலைக்கு மூலை 20-ஆ, பக்கத்துக்குப் பக்கம் 20-ஆ?"

பக்கத்துக்குப் பக்கம். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு இடையே 20. மற்ற இரண்டுக்கும் இடையேயும் அதே 20. பக்கத் தோற்றம் ஒன்றை மட்டும் வைத்தே இரண்டு அளவையும் சொல்லிவிடுவதுதான் இந்தக் குறியீட்டின் பயன். மூலைக்கு மூலை 20 × 1.414 = 28.28 இருக்கும். நம் ⌀30 தண்டில் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. இறங்கினால் சதுரம் கிடைக்கும். மொத்தம் 10 குறைய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் 10 இறக்கியவர்கள் உண்டு. சதுரம் அச்சைவிட்டு விலகிவிடும், பாகத்தைக் காப்பாற்ற வழியில்லை.

அந்தத் தட்டைப் பரப்பின் மேல் மெல்லிய கோடுகளால் பெருக்கல் குறிபோல இரண்டு மூலைவிட்டங்கள் வரைந்திருப்பார்கள். அது துளையோ கீறலோ அல்ல. இந்தப் பகுதி உருளை இல்லை, தட்டை என்று சொல்லும் அடையாளம். சில தாள்களில் □ இருக்கும் இடத்தில் SQ என்ற எழுத்துகள் இருக்கும்.

"⌀30 தண்டில் □22 வெட்டினேன். பக்கங்கள் சரியாக 22, ஆனால் மூலைகள் மழுங்கியிருக்கின்றன. எங்கே தப்பினேன்?"

நீங்கள் தவறவில்லை. 22 சதுரத்தின் மூலைவிட்டம் 31.11, தண்டோ 30 தான். இல்லாத உலோகத்தில் மூலை வராது. ஒவ்வொரு தட்டைப் பரப்பும் 22 அகலமாக இல்லாமல் 20.4 அகலத்தில் முடிந்து, நான்கு மூலைகளிலும் பழைய உருளையின் துண்டு எஞ்சியிருக்கும். பல தண்டுகளில் இது வேண்டுமென்றே செய்யப்படுவது. சாவி மாட்டும் சதுரத்துக்கு மூலை கூராக இருக்க வேண்டிய தேவை இல்லை. முனையை நேராகப் பார்க்கும் தோற்றம் தாளில் இருந்தால், மூலை வளைவாக வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். கூராக வரைந்திருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே தடித்த தண்டு கேட்டிருக்க வேண்டும். இதற்கு ஒரு பெருக்கல் போதும்: சதுர அளவை 1.414-ஆல் பெருக்கி, தண்டின் விட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

"எண்ணைச் சுற்றிப் பெட்டி போட்டிருக்கிறதே, அதுவும் சதுரமா?"

அல்ல. சதுரக் குறி எண்ணுக்கு முன்னால், எழுத்தின் உயரத்தில் சிறிய வெற்றுச் சதுரமாக நிற்கும். எண் முழுவதும் செவ்வகச் சட்டத்துக்குள் இருந்தால், அது கோட்பாட்டளவில் துல்லியமான அளவு. அதற்குச் சொந்தமாக ± விலக்கம் கிடையாது. தாளின் அடியில் உள்ள பொது விலக்கமும் அதற்குப் பொருந்தாது. அந்த இடத்திலிருந்து எவ்வளவு பிசகலாம் என்பதை அருகில் உள்ள வடிவ விலக்கச் சட்டம் சொல்லும். துளைகளின் மைய தூரங்களில் இதை அதிகம் காணலாம். சட்டத்துக்குள் உள்ள 50-ஐச் சதுரம் 50 என்று படித்து, வட்டத் துளை இருக்கும் இடத்தில் சதுரப் பள்ளம் தேடியவர்கள் உண்டு.

"ஸ்லாட்டின் முனையில் R மட்டும் இருக்கிறது, எண் இல்லை. அச்சு விட்டுப்போனதா?"

விட்டுப்போகவில்லை. ஸ்லாட்டின் அகலம் 16 என்று கொடுத்தாயிற்று. முனை முழு வளைவு என்று மட்டும் சொன்னால் போதும். ஆரம் அகலத்தில் பாதியாக, 8 ஆக, தானாகவே அமையும். அகலம் 16.1 ஆக முடிந்தால் ஆரமும் 8.05 ஆகும், அதனால்தான் எண் கொடுப்பதில்லை. எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாலும் அது தகவலுக்காக மட்டுமே, அதை வைத்துப் பாகத்தை நிராகரிக்கக் கூடாது.

"↧22 என்றால் டிரில் நுனி வரைக்கும் 22 தானே? நான் அப்படித்தான் இறக்குகிறேன்."

அப்படியானால் உங்கள் துளைகள் எல்லாம் ஆழம் குறைந்தவை. மறுபுறம் ஊடுருவாத துளையில், ஆழம் என்பது முழு விட்டமும் இருக்கும் பகுதியின் நீளம். டிரில் நுனி விட்டுச்செல்லும் கூம்பு அந்த 22-இல் சேராது. சாதாரண 118 பாகை டிரில்லில் கூம்பின் உயரம் விட்டத்தில் ஏறத்தாழ 0.3 மடங்கு. ஆகவே ⌀10 ↧22 துளைக்கு, நுனி பரப்பைத் தொட்ட நிலையைச் சுழியமாக வைத்து, 22 + 3 = 25 இறக்க வேண்டும்.

அளக்கும்போதும் இதே தவறு நேர்கிறது. ஆழக் கோலைத் துளையின் நடுவில் விட்டால் அது கூம்பின் அடிப்புள்ளியைத் தொட்டு 25 காட்டும். சரியான துளையைத் தவறு என்று ஒதுக்கிவிடுவார்கள். துளையைவிடச் சற்று மெலிந்த, தட்டை முனையுள்ள பின் ஒன்றை உள்ளே விட்டால், அது கூம்பின் தோளில் அமரும். பின்னின் மொத்த நீளத்திலிருந்து வெளியே நிற்கும் நீளத்தைக் கழித்தால் ஆழம் கிடைக்கும்.

கீழ்நோக்கிய அம்பின் மேல்முனையில் கிடைக்கோடு வைத்த இந்தக் குறி அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. தரத்தின்படி வரைந்த தாள்களில் நெடுங்காலமாக உள்ளது, ஐ.எஸ்.ஓ. 129-1 தரத்தின் 2018 பதிப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. பழைய தாள்களில் எண்ணுக்குப் பின் DEEP என்று இருக்கும். எந்த முறையில் எழுதியிருந்தாலும் ஆழத்தின் பொருள் இதுதான்.

"25 தகட்டில் ⌀12 ↧22 போட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே நுனியைச் சேர்த்து இறக்கினேன், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது."

கூம்பின் உயரம் 12 × 0.3 = 3.6. துளையின் அடிநுனி 25.6-இல் இருக்கும், தகடோ 25. இந்தத் தகட்டில், அந்த டிரில்லால், அந்த ஆழம் நடக்காத காரியம். குறியீட்டைச் சரியாகப் படித்தீர்கள், ஆனால் இறக்கும் முன் மிச்சமிருக்கும் தடிமனைப் பார்க்கவில்லை. 135 பாகை நுனியுள்ள டிரில்லானால் கூம்பு 2.5 அளவுக்குக் குறைந்து, அடியில் அரை மில்லிமீட்டர் மட்டும் நிற்கும். அதுவும் அழுத்தத்தில் புடைத்துக்கொள்ளலாம்.

வரைந்தவர் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். மென்பொருளில் துளையைத் தட்டை அடியோடு மாதிரி செய்தவர்களுக்கு கூம்பு கண்ணில் படுவதே இல்லை. அவரிடம் இரண்டு வழிகளை முன்வைத்துக் கேளுங்கள்: ஆழத்தை 18-க்குக் குறைக்கலாமா, அல்லது டிரில்லை 17 அளவில் நிறுத்தி, மிச்சத்தை மையம்வரை வெட்டும் எண்ட் மில்லால் தட்டை அடியாக 22 வரை முடிக்கலாமா என்று. இரண்டாவது வழியில் அடியில் 3 மி.மீ. உறுதியாக நிற்கும். பதில் வரும் வரை நீங்களாக ஆழத்தைக் குறைத்துவிட வேண்டாம். அந்தத் துளைக்குள் போகும் பின்னின் நீளம் உங்களுக்குத் தெரியாது.

"M8 ↧16, அதன் கீழேயே ⌀6.8 ↧22. ஒரே துளைக்கு இரண்டு ஆழமா?"

இரண்டும் வேண்டும். 16 என்பது முழுமையான மரை இருக்க வேண்டிய நீளம். 22 என்பது மரை போடுவதற்கு முன் இடும் ⌀6.8 துளையின் ஆழம், முன்பு சொன்னபடி கூம்பு நீங்கலாக. டேப்பின் முன்முனை சரிவாகத் தேய்க்கப்பட்டிருப்பதால் அது முழு மரையைத் தராது. நான்கு புரிகள் சரிவுள்ள டேப்பில், M8-இன் புரி இடைவெளி 1.25 என்பதால், 5 மி.மீ. வீணாகும். 16-உம் 5-உம் 21, துளை 22. ஒரு மில்லிமீட்டர்தான் இடம் மிச்சம், அதிலும் சீவல் தேங்கும்.

துளையையும் 16-க்கே இட்டு, டேப் அடியில் முட்டும் வரை திருப்பினால், ஒன்று டேப் உள்ளேயே ஒடியும், அல்லது 11 மி.மீ. அளவுக்கு மட்டும் முழு மரை கிடைக்கும். போல்ட் பாதியில் இறுகி நிற்பதைக் கண்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மரை துளையின் வாயில் போல்ட்டைக் கையால் திருகி, எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். 16-க்குப் பதின்மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும்.

"கவுண்டர்போர் உள்ள துளையில், உள்ளே இருக்கும் சின்னத் துளையின் ஆழத்தை எங்கிருந்து அளப்பது? மேல்பரப்பிலிருந்தா, கவுண்டர்போரின் அடியிலிருந்தா?"

⌀9 ↧30, அடுத்த வரியில் ⌴⌀15 ↧9 என்று எழுதியிருந்தால், அமெரிக்கத் தரத்தின்படி இரண்டு ஆழமும் பாகத்தின் வெளிப்பரப்பிலிருந்தே அளக்கப்படும். கவுண்டர்போர் 9 ஆழம். அதன் அடியிலிருந்து சின்னத் துளை 21 மட்டும் தொடரும். அடியிலிருந்து 30 என்று படித்தால் மொத்தம் 39 ஆகி, மெல்லிய பாகத்தில் மேலே 25 தகட்டுக்கு நேர்ந்த நிலைதான் வரும்.

மேல்பரப்பு பிறகு சீவப்படும் வார்ப்பாக இருந்தால், எந்தப் பரப்பு என்பதே கேள்வியாகிவிடும். ஆழங்கள் முடிந்த பரப்பிலிருந்து என்று கொண்டு, முகத்தை முதலில் சீவி, அதன் பிறகே துளையிடுங்கள். சீவலுக்கு 2 மி.மீ. விட்ட வார்ப்பில் முதலிலேயே 9 இறக்கினால், சீவிய பின் 7 தான் நிற்கும். M8 ஆலன் போல்ட்டின் தலை உயரம் 8 என்பதால் தலை வெளியே துருத்தும். உருண்டையான அல்லது சாய்ந்த பரப்பில் துளை வாய் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருக்கும். அங்கே ↧ மட்டும் போதாது. வெட்டுத் தோற்றத்தில் ஆழம் எந்தப் புள்ளியிலிருந்து என்று காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"கணினியில் வரைபடத்தைத் திறந்தால் வட்டத் துளைக்கு □12 என்று வருகிறது. இன்னொரு தாளில் n12 x22 என்று இருக்கிறது. இது என்ன புதுக் குறியீடு?"

புதிய குறியீடு இல்லை. எழுத்துரு காணாமல் போயிருக்கிறது. கோப்பில் உள்ள ⌀ குறியைக் காட்டத் தேவையான எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால், அதன் இடத்தில் வெற்றுக் கட்டம் தோன்றும். அந்தக் கட்டம் □ குறியைப் போலவே இருப்பதுதான் ஆபத்து. வட்டம் சதுரமாகப் படிக்கப்படுகிறது. ஒரே தாளில் ↧ இருக்க வேண்டிய இடத்திலும் அதே கட்டம் வந்தால் ஐயமே வேண்டாம். ஒரு கட்டம் மட்டும் இருந்தால், அந்தப் பாகத்தின் வேறு தோற்றத்தைப் பாருங்கள்: சதுரம் என்றால் மூலைவிட்டக் கோடுகளோ முனையில் சதுர உருவமோ இருக்கும், நடுக்கோடுகள் குறுக்கிடும் வட்டம் இருந்தால் அது ⌀.

இரண்டாவது தாள் ஆட்டோகேட் கோப்பாக இருக்க வேண்டும். அதன் `gdt.shx` எழுத்துருவில் n என்ற எழுத்து ⌀ ஆகவும், v கவுண்டர்போராகவும், w கவுண்டர்சிங்காகவும், x ஆழக் குறியாகவும் வரையப்படும். எழுத்துரு மாறிப்போனால் வெறும் எழுத்துகள் எஞ்சும். எனவே n12 x22 என்பது ⌀12 ↧22. இதிலுள்ள x-ஐப் பெருக்கல் குறியாக எடுத்து 12 × 22 செவ்வகப் பள்ளம் வெட்டிவிடும் சாத்தியம் உண்டு. எண்ணிக்கையைச் சொல்லும் × வேறு: 4 × ⌀12 என்றால் அப்படிப்பட்ட துளைகள் நான்கு. எண்ணிக்கை குறியீட்டுக்கு முன்னால் வரும், ஆழம் பின்னால் வரும்.

இப்படி ஊகித்துப் படித்தது சரியாகவே இருந்தாலும், அந்தத் தாளை வைத்து வேலை செய்யாதீர்கள். அனுப்பியவரிடம் எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பி.டி.எஃப். கேட்டு வாங்கி, பழைய நகலைக் கிழித்துவிடுங்கள். இயந்திரத்தின் பக்கத்தில் இரண்டு நகல்கள் கிடந்தால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது.